ஞாயிறு மறந்த ஊசியை வியாழன் போடலாமா?

மருந்துக் கடைகளில் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "ஞாயித்துக்கிழமை ஊசி போட மறந்துட்டேன் தம்பி. இன்னிக்கு வியாழன். இப்ப போட்டுக்கலாமா, இல்ல அடுத்த ஞாயிறுக்கு ரெண்டாப் போட்டுக்கட்டுமா?" கேட்பவர் சர்க்கரைக்காகப் போடுகிறவராக இருக்கலாம், எடை குறைக்கப் போடுகிறவராகவும் இருக்கலாம். கேள்வியின் இரண்டாம் பாதிக்கு ஒரே பதில்தான்: இரண்டாக ஒருநாளும் போடக் கூடாது. முதல் பாதிக்கான பதில், பேனாவுக்குள் இருக்கும் மருந்து எது என்பதைப் பொறுத்தது. ஒரே வியாழக்கிழமை மாலையில் ஒருவருக்கு "போடுங்கள்" என்றும், பக்கத்தில் நிற்பவருக்கு "விட்டுவிடுங்கள்" என்றும் சொல்ல வேண்டியிருக்கும்.

வாரம் ஒருமுறை போடும் இந்த ஊசிகளில் இங்கே அதிகம் புழங்குபவை மூன்று. செமாக்ளூடைட் (ஒசெம்பிக், வெகோவி), டிர்செபடைட் (மவுன்ஜாரோ), இவற்றுக்கு முன்னிருந்தே இருக்கும் டூலாக்ளூடைட் (ட்ரூலிசிட்டி). செமாக்ளூடைடுக்கான காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச்சில் முடிந்ததால், அதே மருந்து இனி பல கம்பெனிகளின் பெயரில், பல வடிவப் பேனாக்களில் வரும். அதனால் அட்டைப்பெட்டியில் கம்பெனி வைத்த பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படித்து வைத்துக்கொள்வது நல்லது. மறந்த நாளின் கணக்கு அந்தச் சின்ன எழுத்தில்தான் இருக்கிறது.

சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைப் போல வேலை செய்பவை இவை. உடலில் இயற்கையாகச் சுரக்கும் ஹார்மோன் இரண்டொரு நிமிடத்தில் பாதியாகச் சிதைந்துவிடும். செமாக்ளூடைடில் ஒரு கொழுப்பமில வாலை ஒட்டவைத்திருக்கிறார்கள். அந்த வால் ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் மருந்து பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகிறது. டிர்செபடைடுக்கும் டூலாக்ளூடைடுக்கும் ஏறக்குறைய 5 நாள். இந்த ஒரு வாரம், ஐந்து நாள் வித்தியாசத்திலிருந்துதான் மற்ற விதிகள் பிறக்கின்றன.

ஒரு பள்ளி ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். பல மாதங்களாக ஞாயிறு காலை 9 மணிக்கு 1 மில்லிகிராம் செமாக்ளூடைட் போட்டு வருகிறார். ஒவ்வொரு வாரமும் பழைய மருந்தில் பாதி மிஞ்சியிருக்க, அதன்மேல் புதியது சேர்கிறது. தோராயமாகக் கணக்குப் போட்டால், ஊசி போட்ட கையோடு அவர் உடலில் 2 மில்லிகிராம் அளவுக்கும், அடுத்த ஊசிக்குச் சற்று முன்பு 1 மில்லிகிராம் அளவுக்கும் மருந்து இருக்கும். ஒரு ஞாயிறு கோயம்புத்தூரில் உறவினர் கல்யாணம்; பேனா திருநெல்வேலி வீட்டு ஃப்ரிட்ஜிலேயே தங்கிவிட்டது. திரும்பி வந்து, பரீட்சைத்தாள் திருத்தும் மும்முரத்தில் வியாழன் மாலை 6 மணிக்குத்தான் நினைவு வருகிறது. கடைசி ஊசி போட்டு 11 நாள் தாண்டிவிட்டது. ஆனாலும் உடலில் இன்னும் 0.7 மில்லிகிராமை ஒட்டி மருந்து இருக்கிறது. வழக்கமாக இருக்கும் குறைந்த அளவிலிருந்து மூன்றில் ஒரு பங்குதான் சரிந்திருக்கிறது. பசி கொஞ்சம் கூடியிருக்கலாம், காலைச் சர்க்கரை சற்று ஏறியிருக்கலாம். இன்சுலினை விட்டவருக்குப் போல ஒரே நாளில் சர்க்கரை எகிறிவிடாது.

ஒசெம்பிக் போன்ற செமாக்ளூடைட் பேனாவுக்கு விதி 5 நாள். மறந்த நாளிலிருந்து 5 நாளுக்குள் நினைவு வந்தால் உடனே போட்டுக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் அந்த வாரத்தை விட்டுவிட்டு வழக்கமான நாளில் தொடர வேண்டும். ஆசிரியைக்கு வெள்ளி காலை வரை அவகாசம் இருக்கிறது. எனவே வியாழன் மாலை போட்டுக்கொள்ளலாம், வரும் ஞாயிறு வழக்கம்போல் அடுத்ததையும் போடலாம். எடைக்கான வெகோவியின் தாளில் இதையே சில இடங்களில் தலைகீழாக எழுதியிருப்பார்கள்: அடுத்த ஊசிக்கு 2 நாளுக்கு மேல் இருந்தால் போடு, இல்லையேல் விடு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றே.

இதே ஆசிரியை டிர்செபடைட் போடுகிறவராக இருந்தால் பதில் மாறிவிடும். அதற்கு அவகாசம் 4 நாள், அதாவது 96 மணி நேரம். ஞாயிறு காலை 9 மணியிலிருந்து எண்ணினால் வியாழன் காலை 9 மணியோடு அது முடிந்துவிட்டது. மாலை 6 மணிக்கு நினைவு வந்து பயனில்லை. அந்த வாரத்தை விட்டுவிட்டு ஞாயிறு வரை காத்திருக்க வேண்டும். டூலாக்ளூடைடுக்கு, அடுத்த ஊசிக்குக் குறைந்தது 3 நாள் மிச்சம் இருக்க வேண்டும் என்று விதி. எண்ணிப் பார்த்தால் அதுவும் வியாழன் காலையோடு முடிகிறது.

ஒரு வாரம் தவறினால் இவ்வளவுதான். தொடர்ந்து மூன்று வாரம் தவறினால் கதையே வேறு. காய்ச்சல், கடையில் சரக்கு இல்லாதது, கையில் காசு இல்லாதது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். கடைசி ஊசிக்குப் பிறகு 28-ஆம் நாள் அந்த ஆசிரியையின் உடலில் மிஞ்சியிருப்பது 0.12 மில்லிகிராம் அளவுதான். வழக்கமாக அடுத்த ஊசிக்கு முன்பு இருக்கும் அளவில் எட்டில் ஒரு பங்கு. குடல் ஏறக்குறைய பழைய நிலைக்கே திரும்பியிருக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு முதல் நான்கு வாரம் 0.25 மில்லிகிராம்தான் கொடுக்கிறார்கள். குமட்டலும் வாந்தியும் தாங்கும்படி வயிறு பழக வேண்டும் என்பதற்காகவே அந்தப் படிப்படியான ஏற்றம். மூன்று வாரம் விட்டுவிட்டு நேரடியாக 1 மில்லிகிராமில் இறங்குவது, அந்தப் படிகளைத் தாண்டிக் குதிப்பதுதான். எடைக்கான 2.4 மில்லிகிராமில் இருப்பவருக்கு இது இன்னும் மோசம். ஆகவே இரண்டு வாரமோ அதற்கு மேலோ விட்டுப்போனால் பேனாவைத் தொடுவதற்கு முன்பு டாக்டருக்கு ஒரு போன் செய்யுங்கள். பழைய அளவிலேயே தொடரலாமா, கீழ்ப்படியிலிருந்து மறுபடி ஏறுவதா என்று அவர் சொல்வார்.

தவறுதலாக இரண்டு முறை போட்டுவிட்டவர்களும் உண்டு. காலையில் போட்டதை மறந்து மாலையில் மறுபடி போடுவது, அல்லது கணவர் ஒன்று போட்டுவிட மனைவி தானும் ஒன்று போட்டுக்கொள்வது. உள்ளே போன மருந்தை வெளியே எடுக்க வழியில்லை. அது மெதுவாகவே குறையும், தொந்தரவும் நாள்கணக்கில் நீடிக்கலாம். உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சிறுசிறு மடக்காகத் தண்ணீர் குடித்து, உடல் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கூடவே கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்து உண்டு. வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் குளுக்கோமீட்டரில் பார்த்துவிட வேண்டும். வாந்தி நிற்காவிட்டாலும், மேல்வயிற்றில் கடுமையாக வலித்து அது முதுகுக்குப் பரவினாலும் வீட்டில் காத்திருக்கக் கூடாது.

மறதியைப் பற்றி இவ்வளவு பேசிய பிறகு, நாளைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முக்கால்வாசிப் பேர் ஞாயிறைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் அதைவிடத் தோதில்லாத நாள் கிடையாது. ஊருக்குப் போவது, கல்யாணம், காதுகுத்து எல்லாம் ஞாயிறில்தான் வரும். போதாக்குறைக்கு வீட்டில் மட்டன் குழம்பு வேறு. ஊசி போட்ட ஓரிரு நாள் குமட்டல் வருகிற வயிற்றுக்கு அது சரிப்பட்டு வராது. நம்மூரில் நல்ல காரியம் எதுவும் வைக்காத செவ்வாய்க்கிழமை எவ்வளவோ மேல். "செவ்வாய்க்கிழமை ஊசியா" என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்தால் புதன் இருக்கிறது. நாளை மாற்றிக்கொள்ளத் தடையில்லை. இரண்டு ஊசிக்கு இடையில் குறைந்தது முழு 3 நாள் இருந்தால் மேலே சொன்ன மூன்று மருந்துக்கும் அது போதும். எந்த நேரத்தில் போட்டாலும், சாப்பாட்டுக்கு முன் போட்டாலும் பின் போட்டாலும் வேறுபாடு இல்லை.

இந்த 3 நாள் விதியைப் பயணத்துக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம். சனிக்கிழமை கிளம்பி ஒரு வாரம் ஊர்ப்பக்கம் போகிறவர், ஞாயிறு ஊசியை வெள்ளிக்கிழமையே வீட்டில் போட்டுவிட்டால் பேனாவைத் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. நம் வெயிலில் பேனாவைச் சுமப்பதுதான் உண்மையான தலைவலி.

திறக்காத பேனாவை 2 முதல் 8 டிகிரிக்குள் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். பயன்படுத்தத் தொடங்கிய பேனாவை 30 டிகிரிக்குக் கீழே வெளியிலும் வைக்கலாம் என்று தாளில் போட்டிருக்கும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது அறையின் வெப்பநிலை. மதுரையிலோ வேலூரிலோ சித்திரை மாத மதியத்தில் ஏசி இல்லாத எந்த அறை 30 டிகிரிக்குக் கீழே இருக்கிறது? அதனால் தமிழ்நாட்டு வீட்டில் திறந்த பேனாவும் ஃப்ரிட்ஜிலேயே இருப்பதுதான் சரி. ஊசி போடுவதற்கு அரை மணி முன்பு எடுத்து மேசைமேல் வைத்தால் போதும். குளிர் தணிந்து குத்தும்போது எரிச்சல் குறையும். வெந்நீரில் முக்குவதும் வெயிலில் காட்டுவதும் வேண்டாம்.

ஃப்ரிட்ஜுக்குள் எங்கே வைப்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசருக்கு நேர் கீழே ஒரு தட்டு இருக்கும், பால் பாக்கெட்டைப் போடுவோமே, அங்கே வைத்தால் உறைந்துவிடும். பின்பக்கச் சுவரை ஒட்டி வைத்தாலும் அப்படித்தான். கதவுத் தட்டில் வைத்தால் திறக்கும் போதெல்லாம் வெக்கை அடிக்கும். நடுத் தட்டில், சுவரைத் தொடாமல், அட்டைப்பெட்டியோடு அல்லது மூடியுள்ள டப்பாவில் வைக்கலாம். வீட்டில் இன்சுலின் பேனாவும் இருந்தால் அதற்குத் தனி டப்பா. அவசரத்தில் ஒன்றுக்கு மற்றொன்றை எடுத்துவிட்டால் விளைவு விபரீதமாகும்.

ஒருமுறை உறைந்த பேனா உறைந்ததுதான். உருகிய பிறகு தெளிவாகத் தெரிகிறதே என்று போட்டுக்கொள்ளக் கூடாது. செமாக்ளூடைட் தண்ணீர்போலத் தெளிவாக இருக்க வேண்டும். டிர்செபடைடில் லேசான மஞ்சள் சாயல் இருந்தால் பரவாயில்லை. கலங்கியிருந்தாலோ துகள் மிதந்தாலோ வேண்டாம். கெட்டதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். கரண்ட் போனால் பதறவும் வேண்டாம். கதவைத் திறக்காமல் விட்டால் ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிர் தாங்கும். நிறுத்தி வைத்த காருக்குள் பேனாவை விடுவதும், விமானத்தில் போகும்போது கீழே ஏற்றும் பெட்டியில் வைப்பதும்தான் பெரிய தப்பு. எடுத்துச் சென்றே ஆக வேண்டுமென்றால் வாயகன்ற ஃபிளாஸ்கில் ஐஸ் ஜெல் பொட்டலம் வைத்து, பேனாவைத் துண்டில் சுற்றி உள்ளே போடுங்கள். பேனா ஜெல்லைத் தொட்டால் அந்த இடத்தில் உறைந்துவிடும். தண்ணீரில் நனைத்துப் பயன்படுத்தும் குளிர்ப் பைகளும் விற்கிறார்கள். ஈரம் ஆவியாவதால் குளிரும் பை அது. வறண்ட வெயிலில் நன்றாக வேலை செய்யும். சென்னைப் புழுக்கத்தில் அந்த அளவு எதிர்பார்க்க முடியாது.

திறந்த பேனாவுக்கு ஆயுளும் உண்டு. செமாக்ளூடைட் பேனா அதன் தாளைப் பொறுத்து 6 வாரமோ 8 வாரமோ தாங்கும். நான்கு டோஸ் உள்ள டிர்செபடைட் க்விக்பென்னுக்கு முதல் ஊசியிலிருந்து 30 நாள்தான். ஒழுங்காகப் போட்டால் நான்காவது ஊசி 21-ஆம் நாளில் முடிந்துவிடும், கவலையில்லை. நடுவில் ஒரு வாரம் தவறினால் 28-ஆம் நாள், அதுவும் சரி. இரண்டு வாரம் தவறினால் நான்காவது 35-ஆம் நாளுக்குப் போய்விடும். அந்த டோஸ் பேனாவுக்குள் இருந்தும் இல்லாத கணக்குதான். பேனாவைத் திறந்த தேதியை அதன் உடம்பிலேயே சின்னத் தாள் ஒட்டி எழுதி வைத்தால் இந்தக் குழப்பம் வராது. இன்னொன்று: க்விக்பென்னில் நான்கு ஊசியும் முடிந்த பிறகு உள்ளே கொஞ்சம் மருந்து தெரியும். மாதம் பல ஆயிரம் கொடுத்து வாங்கியவருக்கு அதைத் தூக்கிப்போட மனசு வராது. சிரிஞ்சை விட்டு உறிஞ்சி ஐந்தாவது ஊசியாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அளவு தெரியாமல், சுத்தமும் உறுதியில்லாமல் எடுக்கும் அதை ஒரு டோஸ் என்று சொல்ல முடியாது.

இனி போடும் முறை. பேனாக்கள் இரண்டு ஜாதி. ட்ரூலிசிட்டி போன்றது ஒருமுறைக்கானது. ஊசி உள்ளேயே ஒளிந்திருக்கும். மூடியை எடுத்து, தோலில் தட்டையாக வைத்து, பூட்டைத் திறந்து, பொத்தானை அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம். சில நொடி கழித்து இரண்டாவது 'டக்'. இரண்டாவது சத்தம் கேட்கும் வரை எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். திருகி அளவு வைக்கும் பேனாவில்தான் கோளாறுகள் அதிகம்.

அதற்கு ஒவ்வொரு வாரமும் புது ஊசிமுனை மாட்ட வேண்டும். 4 மில்லிமீட்டர் நீளமே யாருக்கும் போதும், குண்டானவருக்கும் சேர்த்துத்தான். நீளமானதைப் போட்டால் தசைக்குள் போய்விடலாம். காகித ஒட்டைக் கிழித்து, முனையை நேராக வைத்துத் திருக வேண்டும். சாய்வாக மாட்டினால் பின்பக்க முள் ரப்பரைத் துளைக்காமல் வளைந்துவிடும், மருந்து வராது. முனைக்கு இரண்டு மூடி இருக்கும்: வெளியே பெரியது, உள்ளே சின்னதாக ஒன்று. உள்மூடியை எடுக்காமலே அழுத்திவிட்டு, போட்டாயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. மருத்துவமனையில் தானாக மூடிக்கொள்ளும் வகை முனையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, வீட்டு முனையின் உள்மூடி புரிவதில்லை. அமெரிக்காவில் இப்படி உள்மூடியோடு இன்சுலின் போட்டுவந்த ஒருவர் இறந்த பிறகு, 2017-இல் அங்கே மருத்துவமனைகளுக்கும் மருந்தாளுநர்களுக்கும் எச்சரிக்கை அனுப்பினார்கள். வார ஊசியில் உயிர் போகாது. ஆனால் மாதக்கணக்கில் மருந்தே உள்ளே போகாமல், "இந்த ஊசி எனக்குக் கேக்கல" என்று அலைய நேரும்.

அடுத்தது சொட்டுப் பார்ப்பது. புதிய செமாக்ளூடைட் பேனா என்றால் முதல் ஊசிக்கு முன்பு ஒருமுறை, அதற்கென உள்ள குறி வரும் வரை திருகி, முனை மேலே பார்க்கப் பிடித்து அழுத்த வேண்டும். நுனியில் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தால் வழி திறந்திருக்கிறது. வராவிட்டால் மறுபடி, ஆறு தடவைக்கும் வராவிட்டால் முனையை மாற்றி இன்னொரு முறை. அப்போதும் வராவிட்டால் அந்தப் பேனாவைப் பயன்படுத்த வேண்டாம். க்விக்பென்னில் இது ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் உண்டு: இரண்டு 'கிளிக்' திருகி அழுத்திவிட்டு, அதன்பிறகு சாளரத்தில் '1' தெரியும் வரை திருக வேண்டும். அந்த 1 என்பது ஒரு டோஸ். மில்லிகிராமோ இன்சுலின் யூனிட்டோ அல்ல.

தோல் சுத்தமாக இருக்க வேண்டும். ஸ்பிரிட் தடவினால் காயும் வரை பொறுங்கள், ஈரத்தோடு குத்தினால் எரியும். நேராக, செங்குத்தாகக் குத்தி பொத்தானை முழுவதும் அழுத்தி, எண்காட்டி '0' ஆன பிறகும் கட்டைவிரலை எடுக்காமல் எண்ண வேண்டும். செமாக்ளூடைட் பேனாவுக்கு 6 வரை, க்விக்பென்னுக்கு 5 வரை. வேகமாக எண்ணுகிறவர்கள் 'ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு' என்று எண்ணினால் ஒவ்வொன்றும் ஒரு நொடி பிடிக்கும். எடுத்த பிறகு தோலிலோ நுனியிலோ ஒரு சொட்டு நின்றால் அது சாதாரணம். ஒழுகி வழிந்தால் சீக்கிரம் எடுத்துவிட்டீர்கள் என்று பொருள். அதற்காக 'போன அளவுக்கு' இன்னொன்று போடக் கூடாது. எவ்வளவு உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்த வாரம் நிதானமாகப் போட்டால் போதும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. செமாக்ளூடைட் பேனாவில் எவ்வளவு அழுத்தினாலும் எண்காட்டி பாதியில் நின்று, 0-க்கு வரவே இல்லையென்றால் முனை அடைத்திருக்கிறது. எண் கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் மருந்து உள்ளே போகவில்லை. அப்போது முனையை மாற்றி, முதலிலிருந்து மறுபடி போட வேண்டும். முனை அடைப்பதற்கு முக்கியக் காரணம், போன வாரத்து முனையைக் கழற்றாமல் பேனாவிலேயே விட்டுவைப்பது. நுனியில் மருந்து காய்ந்து அடைத்துக்கொள்ளும், காற்றும் உள்ளே புகும், கசியவும் செய்யும். பத்துப் பதினைந்து ரூபாய் முனையை மிச்சம் பிடிக்கப்போய் விலையுயர்ந்த மருந்தை வீணாக்குவதுதான் இதில் நடப்பது.

எங்கே குத்துவது? வயிறு, தொடையின் முன்பக்கம், மேல்கையின் பின்பக்கம் என மூன்று இடம். இன்சுலின் வயிற்றில் வேகமாகவும் தொடையில் மெதுவாகவும் ஏறும் என்பதால் அதற்கு இடம் முக்கியம். வார ஊசிக்கு அந்தக் கவலை இல்லை. மூன்று இடத்திலும் மருந்து ஏறும் அளவு ஏறக்குறைய ஒன்றே. தொடையில் போட்டால் குமட்டாது என்று சொல்லிக்கொள்கிறார்கள்; அதை நம்பிப் போடுவதில் கெடுதலில்லை, பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். மேல்கையில் தானே போட்டுக்கொள்வது சிரமம், வீட்டில் யாராவது போட்டுவிட வேண்டும். தனியாக இருப்பவருக்கு வயிறுதான் வசதி. தொப்புளைச் சுற்றி 5 சென்டிமீட்டர், அதாவது மூன்று விரற்கடை விட்டுவிட வேண்டும். பாவாடை நாடா இறுகித் தோல் கறுத்துத் தடித்திருக்கும் கோட்டையும், பெல்ட் உராயும் இடத்தையும், ஆபரேஷன் தழும்பையும் தவிருங்கள். ஏற்கெனவே பல வருடம் இன்சுலின் போட்டவர் என்றால் வயிற்றை விரலால் தடவிப் பாருங்கள். ரப்பர் போன்ற மேடு தட்டுப்பட்டால் அது ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கொழுப்பு திரண்ட இடம். அங்கே வலிக்காது என்பதாலேயே பலர் அதைத் தேடிப்போய்க் குத்துவார்கள். மருந்து அங்கிருந்து ஒழுங்காக ஏறாது. இன்சுலினும் அதே வேளையில் போட வேண்டியிருந்தால் இரண்டையும் தனித்தனியாக, ஒன்றையொன்று ஒட்டாமல் சற்றுத் தள்ளிப் போட வேண்டும்.

வாரம் ஒன்று என்பதால் போன வாரம் எங்கே போட்டோம் என்பது நினைவில் நிற்காது. வலது வயிறு, இடது வயிறு, வலது தொடை, இடது தொடை என்று நான்கு வாரச் சுற்று வைத்துக்கொண்டு மாதக் காலண்டரின் தேதிக் கட்டத்தில் 'வ.வ', 'இ.தொ' என்று எழுதிவிடலாம். போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்துக்கும் அந்தக் கட்டமே பதில் சொல்லிவிடும். இரட்டை ஊசி விழாது.

பயன்படுத்திய முனையைப் பெரிய வெளிமூடியை மேசையில் வைத்து அதற்குள் நுழைத்துக் கழற்ற வேண்டும். கையில் பிடித்து மூடப்போனால் விரலில் குத்தும். கழற்றியதைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில், பினாயில் காலி டப்பா போன்ற ஒன்றில், போட்டு இறுக மூடி வையுங்கள். குப்பை அள்ளும் தொழிலாளியின் கையில் அது ஏறாமல் இருக்க அதைவிட எளிய வழியில்லை. டப்பா நிறைந்ததும் ஊசி போடும் கிளினிக்கிலோ மருத்துவமனையிலோ கேட்டுப் பார்த்துக் கொடுத்துவிடலாம். பேனா ஒருவருக்கு மட்டுமே. புது முனை மாட்டினாலும் உள்ளிருக்கும் மருந்துக்குள் முந்தையவரின் ரத்தம் ஏறியிருக்கலாம், மஞ்சள் காமாலைக் கிருமி உட்பட. புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரே அளவு எழுதியிருந்தாலும் பேனா இரண்டு வாங்கத்தான் வேண்டும்.